போட்டிக்குப் போகும் முன் துறைத்தலைவருக்கு ஒரு கடிதம்

மண்டல வாலிபால் போட்டிக்கு அணி தேர்வானதும் மாணவர்கள் முதலில் தேடுவது ஷூவையும் ஜெர்சியையும்தான். துறைத்தலைவருக்கான கடிதம் பெரும்பாலும் புறப்படுகிற அன்று காலையில் நினைவுக்கு வருகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அண்ணா பல்கலைக்கழக விதிகளின்படி தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும். விளையாட்டுப் போட்டிக்குப் போனதால் வருகை 65 சதவீதம் வரை குறைந்திருந்தாலும் விலக்கு கேட்கலாம். ஆனால் முன்கூட்டியே அனுமதி பெற்றிருக்க வேண்டும். போய்விட்டு வந்து கோப்பையைக் காட்டினால் போதாது.

கணக்கைப் பார்த்தால் இது புரியும். ஒரு பாடத்துக்கு 45 வகுப்புகள் என்றால் 34 வகுப்புகளிலாவது இருந்தாக வேண்டும். காய்ச்சலில் ஏற்கெனவே 7 வகுப்புகளை விட்ட ஒரு மாணவி, போட்டியால் இன்னும் 5 வகுப்புகளை விடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 33 வகுப்புகள், அதாவது 73 சதவீதம். சாதாரண விடுப்பாகக் கேட்டிருந்தால் அந்த 5 வகுப்புகளும் ஆப்சென்ட்தான். அதனால் அவள் கேட்க வேண்டியது ஓ.டி.; கல்லூரி வேலையாகப் போகிறாள் என்ற பதிவு.

அவளுடைய கடிதம் இப்படி இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய ஐயா, நம் கல்லூரி மகளிர் வாலிபால் அணியில் விளையாட உடற்கல்வி இயக்குநர் என்னைத் தேர்வு செய்துள்ளார். மண்டலப் போட்டி புதன் முதல் வெள்ளி வரை நடைபெறுகிறது. செவ்வாய் பிற்பகல் புறப்பட வேண்டும். அரையிறுதிக்கு முன் தோற்றால் மறுநாளே வகுப்புக்கு வந்துவிடுவேன். வியாழனன்று உள்மதிப்பீட்டுத் தேர்வு இருக்கிறது. அதை வேறொரு நாளில் எழுத அனுமதி வேண்டுகிறேன். மேற்கண்ட நாட்களுக்கு ஓ.டி. வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். போட்டி அழைப்பிதழும் அணிப் பட்டியலும் இணைத்துள்ளேன்.”

துறைத்தலைவர் முடிவெடுக்கத் தேவையானவை எல்லாம் இதில் இருக்கின்றன. பலர் எழுத மறப்பது பயண நேரத்தை. போட்டி நாட்களை மட்டும் குறிப்பிட்டால் செவ்வாய்ப் பிற்பகல் வகுப்புகள் ஆப்சென்டாகிவிடும். தேர்வைப் பற்றிய வரியும் அதே அளவு முக்கியம். ஓ.டி. வருகையைத்தான் காப்பாற்றும், விடுபட்ட மதிப்பெண்ணைத் தராது. வாலிபால் எவ்வளவு பெருமை, கல்லூரிக்கு எத்தனை கோப்பை என்று அரைப்பக்கம் எழுதுவதைவிட அந்த ஒரு வரி பயன்தரும்.

கடிதம் நேராகத் துறைத்தலைவர் மேசைக்குப் போகாமல் இருப்பது நல்லது. உடற்கல்வி இயக்குநரும் வகுப்பு ஆலோசகரும் முதலில் கையெழுத்திட்டிருந்தால், அணியில் இருப்பது உண்மையா, வருகை எவ்வளவு என்று அவர் விசாரிக்க வேண்டியதில்லை. கையெழுத்தான கடிதத்தின் நகல் ஒன்றை மாணவி வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பியதும் பங்கேற்புச் சான்றிதழை அதனுடன் இணைத்து வகுப்பு ஆலோசகரிடம் கொடுத்து, வருகைப் பதிவில் ஓ.டி. ஏறியிருக்கிறதா என்று அந்த வாரமே பார்த்துவிட வேண்டும். செமஸ்டர் கடைசியில் பட்டியல் ஒட்டிய பிறகு திருத்தச் சொல்லி அலைவது கடினம்.