கிளச் இல்லாத காரின் கிளச் செலவு

திருகோணமலையில் சிறிய கார் ஒன்று தேடினால் இரண்டு பெயர்கள் அடிபடும். ஒன்று இந்தியாவில் செய்த, கையால் கியர் மாற்றும் சுசுகி அல்டோ. மற்றது ஜப்பானிலிருந்து வந்த, சிவிடி கியர்பொக்ஸ் கொண்ட வேகன் ஆர். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் கைமாறியவை பெரும்பாலும் ஓடித் தேய்ந்த வண்டிகள். பழுதுச் செலவைக் கேட்காமல் அவற்றை வாங்க முடியாது.

கேட்டவர் முதலில் ஏமாறுவது கிளச்சில். அல்டோவுக்குத் தொகை சொல்வார்கள். வேகன் ஆருக்கு அந்த இடம் வெறுமை. வெறுமை என்றால் செலவே இல்லை என்று பொருளல்ல. அல்டோவில் கியர்பொக்ஸை இறக்கி, பிளேட், பிரஷர் பிளேட், பெயரிங் மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும். பெயரிங்கை மட்டும் விட்டுவிட்டால் இறக்கிய கூலியை மறுபடி கொடுக்க நேரும். பொருளும் கூலியுமாக 45,000 ரூபாய், 90,000 கிலோமீற்றர் தாங்கும் என்று வைத்தால், கிலோமீற்றருக்கு 50 சதம். சிவிடிக்கு அதற்கென்றே உள்ள எண்ணெயை 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை 30,000 ரூபாய் கொடுத்து மாற்றுவதாக வைத்தால் 75 சதம். தொகைகள் கற்பனை; உங்கள் கராஜ் சொல்லும் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் கிளச்சைப் பாதி அமுக்கியே வண்டியை நிறுத்தி வைப்பவருக்கு அந்த 90,000 வெகுவாகக் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்றப் பாகங்களுக்கு நான் கேட்பது ஒரே கேள்வி: கடையில் கிடைக்கும் ஆகச் சிறிய துண்டு எது? அல்டோ ஹெட்லைட்டில் ஹலோஜன் பல்ப் எரிந்தால் பல்ப்பை மட்டும் மாற்றலாம். எல்இடி பொருத்திய வேகன் ஆரில் ஒளி தரும் பகுதி உள்ளேயே அடைபட்டிருந்தால் முழு லைட்டையும் வாங்க வேண்டியதுதான். சஸ்பென்ஷனிலும் அதே கதை: லோவர் ஆர்மின் ரப்பர் புஷ் தனியாகக் கிடைக்கிறதா, ஆர்மோடு சேர்த்துத்தான் விற்கிறார்களா? ஷொக் அப்சோபர் என்றால் ஒரு பக்கம் ஒழுகினாலும் இரு பக்கமும் மாற்றும் விலையையே கேளுங்கள்.

பம்பரில் இந்தக் கேள்வியால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு வராது. பிளாஸ்டிக்கின் விலையோடு பெயின்ட் கூலியும் சேரும், அது எந்தக் காருக்கும் உண்டு.

துறைமுகத்தை ஒட்டி வாழ்பவர்கள் விலைப்பட்டியலில் வராத ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். உப்புக்காற்றில் சஸ்பென்ஷன் போல்ட் துருவேறி இறுகிவிட்டால், வெட்டி எடுக்கும் கூலி புஷ்ஷின் விலையைத் தாண்டலாம். வாங்குமுன் வண்டியைத் தூக்கச் சொல்லி ஆர்ம் போல்ட்டின் தலையைப் பாருங்கள். அதன் விளிம்புகள் உருத் தெரியாமல் துரு உதிர்ந்தால், விற்பவரோடு பேரம் பேச அதைவிடத் திடமான காரணம் இல்லை.