ஆயிரம் மெகாபிட் திட்டம், முந்நூறில் நிற்கும் வேகம்

வீட்டுக்கு 1000 மெகாபிட் இணைப்பு எடுத்தாயிற்று. கேபிளில் மடிக்கணினியைச் செருகிச் சோதித்தாலும் 300-ஐத் தாண்டவில்லை. பலரும் உடனே இணைய நிறுவனத்தைத் திட்டுவார்கள். நான் முதலில் ரவுட்டரைத்தான் சந்தேகிப்பேன்.

தரவு 1500 பைட் அளவுள்ள பொட்டலங்களாக வருகிறது. முழு வேகத்தில் வினாடிக்கு சுமார் 81,000 பொட்டலங்கள்; ஒன்றுக்கு 12 மைக்ரோவினாடிதான் அவகாசம். சிறிய ரவுட்டர்கள் இதைச் சமாளிப்பது ஒரு குறுக்குவழியால். ஓர் இணைப்பின் முதல் சில பொட்டலங்களை மட்டும் பிராசசர் பார்க்கும். மற்றவற்றைத் தனிச் சில்லு கடத்திவிடும்.

நெரிசல் கட்டுப்பாடு, ஊடுருவல் தடுப்பு போன்ற வசதிகளுக்கோ ஒவ்வொரு பொட்டலத்தையும் பார்த்தாக வேண்டும். அவற்றை இயக்கினால் பெரும்பாலும் குறுக்குவழி அடைபட்டு, முழுச் சுமையும் பிராசசர் தலையில் விழுகிறது. வீட்டில் முப்பது கருவிகள் இருந்தால் சிறு பொட்டலங்களும் பெருகும். அதே வேகத்துக்கு வேலை இன்னும் கூடும்.

லினக்ஸ் ரவுட்டரில் உள்நுழைய முடிந்தால், வேகச் சோதனை ஓடும்போதே `top` கட்டளையில் `sirq` எண்ணைப் பாருங்கள். நான்கு கோர் பிராசசரில் அது 25 சதவீதம் என்றால் நிம்மதி வேண்டாம். ஒரே கோர் முழுதாகத் திணறிக்கொண்டிருக்கலாம். உள்நுழைய வழியில்லையா? அந்த வசதிகளை ஒவ்வொன்றாக அணைத்து மறுபடி சோதியுங்கள். எதை அணைத்ததும் வேகம் 900-க்கு மேல் தாவுகிறதோ, அதுதான் காரணம். அந்த வசதி அவசியமென்றால் வலுவான பிராசசர் உள்ள ரவுட்டர் வாங்குங்கள்; திட்டத்தை உயர்த்திப் பயனில்லை.