பனி பெய்ய மூன்று லேயர்

1946ஆம் ஆண்டு கோடையில் கலிஃபோர்னியாவில் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ படத்துக்காகப் பனி பெய்ய வைத்தார்கள். அதுவரை ஹாலிவுட்டில் வெள்ளைச் சாயம் பூசிய கார்ன் ஃபிளேக்ஸைத் தூவுவது வழக்கம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால், நடிகர் கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். வசனத்தைப் பிறகு தனியாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. படப்பிடிப்பிலேயே குரலைப் பதிய நினைத்த இயக்குநர் ஃபிராங்க் காப்ராவுக்காக, தீயணைப்பு நுரையையும் சோப்பையும் தண்ணீரில் கலந்து, காற்றாடி இயந்திரத்தால் ஊதி, சத்தமில்லாத பனியை உருவாக்கினார்கள்.

அந்தக் குழுவுக்கு இருந்த ஒரு வசதி, போட்டோஷாப்பில் பனி பெய்ய வைப்பவருக்குக் கிடையாது. அவர்கள் ஊதிய நுரை கேமராவுக்கு முன்னால் நிஜமான இடத்தில் விழுந்தது. சில துகள்கள் லென்ஸுக்குப் பக்கத்தில், சில நடிகரின் தோளருகே, மற்றவை தெருக்கோடியில். தொலைவு தானாகவே வந்துவிட்டது. புகைப்படமோ தட்டையானது. அதன் மேல் ஒரே அளவு வெள்ளைப் புள்ளிகளைத் தெளித்தால், பனி தெருவில் விழுவதுபோல் இருக்காது. பிரிண்ட் எடுத்த தாளின் மேல் சுண்ணாம்பு தெறித்ததுபோல் இருக்கும். கைகூடாத பனிப்படங்களில் பெரும்பாலானவை தோற்பது இந்த ஓர் இடத்தில்தான்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். குளிர்கால மாலை, டொரோண்டோவின் ஒரு தெரு. ஓவர்கோட் அணிந்த பெண் ஒருவர் தெருவிளக்கின் அருகே நிற்கிறார். வானம் மூட்டம். தரையில் ஏற்கெனவே கொஞ்சம் பனி கிடக்கிறது; படம் எடுத்த நேரத்தில் பெய்யவில்லை, அவ்வளவுதான். இப்படிப்பட்ட படமே இதற்குப் பொருத்தம். பளீரென்ற வெயிலும் கூர்மையான நிழலும் விழும் படத்தில் எவ்வளவு உழைத்தாலும் பனி ஒட்டாது. இலை அடர்ந்த கோடை மரங்கள் பின்னால் நின்றாலும் அதே கதி.

முதல் வேலை பிரஷ்ஷைத் தொடுவதல்ல, ஒரு சின்னக் கணக்கு. அந்தப் பெண்ணின் உயரம் 1.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், படத்தில் அவர் தலை முதல் கால் வரை 2,000 பிக்சல் இருக்கிறார். அப்படியானால் அவர் நிற்கும் தொலைவில் ஒரு மீட்டருக்கு 1,250 பிக்சல். ஒன்றோடொன்று ஒட்டி விழும் ஒரு பனித்துகள் ஐந்து மில்லிமீட்டர் இருந்தால், அவர் பக்கத்தில் அது ஆறு பிக்சல்தான்! அவர் கேமராவிலிருந்து ஐந்து மீட்டரில் நிற்கிறார் என்றால், இருபது மீட்டருக்கு அப்பால் விழும் துகள் ஒன்றரை பிக்சலுக்குச் சுருங்கிவிடும். லென்ஸிலிருந்து அரை மீட்டரில் விழுவதோ அறுபது பிக்சலுக்கு ஊதிப் பெருக்கும்.

எண்ணிக்கை இதற்கு நேர்மாறாக நடக்கும். தொலைவு இரண்டு மடங்கானால், கேமரா பார்க்கும் பரப்பு நான்கு மடங்காகிறது. துகள்களும் அதே கணக்கில் கூடும். ஆக, மிகச் சிறியவை ஆயிரக்கணக்கில், நடுத்தரமானவை நூற்றுக்கணக்கில், பெரியவை விரல்விட்டு எண்ணும்படி. புதிதாகச் செய்பவர்கள் இதைத் தலைகீழாக்கி, பெரிய துகள்களையே படம் முழுக்க நிரப்பிவிடுகிறார்கள்.

தொலைவுப் பனிக்கு பிரஷ்ஷே வேண்டாம். இரண்டு பிக்சல் புள்ளிகளைக் கையால் வைத்து முடிக்க ஒரு பகல் போதாது. புதிய லேயர் ஒன்றைத் திறந்து முழுக்கக் கறுப்பால் நிரப்ப வேண்டும். Filter மெனுவில் Add Noise. அதில் Gaussian, Monochromatic இரண்டையும் தேர்ந்தெடுத்தால் கறுப்பு முழுக்கப் பொடிமணல் தூவியதுபோல் ஆகிவிடும். அதை ஒரு பிக்சல் அளவுக்கு Gaussian Blur செய்து, பிறகு Levels திறந்து, கறுப்பு முக்கோணத்தை வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். மங்கலான மணிகள் ஒவ்வொன்றாக அணைந்து, பிரகாசமானவை மட்டும் ஆங்காங்கே மிஞ்சும். எங்கே நிறுத்துவது என்பதற்குச் சூத்திரம் இல்லை, கண்தான் அளவுகோல். கடைசியாக லேயரின் கலப்பு முறையை Screen என்று மாற்றினால் கறுப்பு மறைந்து, வெள்ளைப் புள்ளிகள் மட்டும் தெருவின் மேல் நிற்கும். இந்த லேயர் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் இருக்கவேண்டியது. எனவே, லேயர் மாஸ்க்கைக் கொண்டு அவர் உருவத்தின் மேல் விழும் புள்ளிகளை மறைத்துவிட வேண்டும்.

நடுவில் வரும் லேயரில்தான் பிரஷ்ஷுக்கு வேலை. சாதாரண வட்ட பிரஷ்ஷை எடுத்து, அளவை எட்டு பிக்சலாக வைத்து, F5 அழுத்தினால் பிரஷ் அமைப்புகள் திறக்கும். Spacing அளவை 300 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் கோடு அறுந்து புள்ளிகளாகும். Shape Dynamics பகுதியில் Size Jitter முழுமையாக இருந்தால் எந்த இரண்டு புள்ளியும் ஒரே அளவில் விழாது. Scattering பகுதியில் Both Axes குறியிட்டு, எண்ணை ஆயிரம் சதவீதம் வரை ஏற்றலாம். பிரஷ் போகும் வழியை விட்டு இருபுறமும் புள்ளிகள் சிதறும். Transfer பகுதியில் Opacity Jitter கொஞ்சம் கொடுத்தால் சில துகள்கள் மங்கலாகவும் சில தெளிவாகவும் விழும். இத்தனையும் அமைத்தபின் படத்தின் குறுக்கே ஓரிரு இழுப்புகள் போதும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தால் அங்கே பனி குவியலாகிக் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்த லேயரைப் பெண்ணின் மேல் முழுதாக மறைக்கவும் கூடாது, முழுதாக விடவும் கூடாது. எல்லாத் துகளும் அவருக்குப் பின்னால் போனால், அவரை வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல் தோன்றும். பாதியை மறைத்து, மீதியைக் கோட்டின் மேலும் கூந்தலின் மேலும் விழ விடலாம். கண்ணின் மேலும் பல்லின் மேலும் விழுந்த புள்ளியை மட்டும் அழித்துவிடுவது நல்லது. அச்சில் அது பனியாகத் தெரியாது, குறையாகத் தெரியும்.

கடைசி லேயர், லென்ஸுக்கு அருகில் விழும் பனி. அறுபது முதல் தொண்ணூறு பிக்சல் பிரஷ், பதினைந்து இருபது துகள் போதும். இவற்றை Gaussian Blur கொண்டு நன்றாகக் கலங்க வைக்க வேண்டும். லென்ஸ் பெண்ணின் மேல் ஃபோகஸ் ஆகியிருக்கும்போது அரை மீட்டரில் இருக்கும் எதுவும் தெளிவாக இருக்க வழியில்லை. லேயரின் அடர்த்தியையும் பாதிக்கும் கீழே குறைத்துவிடலாம்.

இனி அசைவு. பனித்துகள் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்தில் இறங்கும். ஷட்டர் வேகம் 1/125 நொடி என்றால், அதற்குள் துகள் எட்டு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். பெண் நிற்கும் தொலைவில் அது பத்து பிக்சல் கோடு. லென்ஸ் அருகே நூறு பிக்சல். தெருக்கோடியில் இரண்டு மூன்று பிக்சல். இங்கே கவனிக்க வேண்டியது, துகளின் அகலத்துக்கும் கோட்டின் நீளத்துக்கும் உள்ள விகிதம் எல்லாத் தொலைவிலும் ஒன்றே. அதனால், மூன்று லேயருக்கும் ஒரே Motion Blur எண்ணைப் போடுவது தவறு. சிறு துகளுக்கு நூறு பிக்சல் கொடுத்தால் பனி மழையாகிவிடும். பெரிய துகளுக்கு மூன்று பிக்சல் கொடுத்தால் அது அந்தரத்தில் தொங்கும்.

சாய்வை மனம்போல் வைக்க முடியாது. படத்திலேயே விடை இருக்கிறது: பெண்ணின் கழுத்துத்துணி இடப்பக்கம் பறந்தால், காற்று வலப்பக்கத்திலிருந்து வருகிறது. Motion Blur அமைப்பில் Angle 90 என்றால் செங்குத்து. 75 என்றால் மேல்முனை வலப்பக்கம் சாயும், அதுதான் இந்தப் படத்துக்கு. லேயருக்கு லேயர் ஐந்து டிகிரி மாறினால் இயல்பாகவே இருக்கும். சிறு புள்ளிகளை இப்படி இழுத்ததும் அவை மங்கிப்போகும். பதற வேண்டாம், Ctrl+J அழுத்தி அந்த லேயரை இரட்டிப்பாக்கினால் பிரகாசம் திரும்பிவிடும்.

நிறத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. மாலைப் பனி சுத்த வெள்ளையல்ல. தெருவிளக்கின் வட்டத்துக்குள் மஞ்சள் ஏறியும், அதற்கு வெளியே நீலம் கலந்த சாம்பலாகவும் இருக்கும். வெளுத்த வானத்துக்கு முன்னால் விழும் துகளோ வானத்தைவிடக் கறுப்பாகவே தெரியும். நம்பிக்கை இல்லாதவர்கள் அசல் பனிப்படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். Screen முறை எதையும் வெளிச்சமாக்க மட்டுமே தெரிந்தது என்பதால், வானப் பகுதியில் துகள்கள் காணாமல் போகும். பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். வேண்டுமென்றால் Normal முறையில் தனி லேயர் திறந்து, சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூவலாம்.

ஆறுமுனை நட்சத்திர பிரஷ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தொடாமல் இருப்பது உத்தமம். அந்த அழகைப் படம்பிடிக்க வெர்மான்ட் மாநிலத்து வில்சன் பென்ட்லி 1885இல் கேமராவை மைக்ரோஸ்கோப்போடு பொருத்த வேண்டியிருந்தது. ஐந்து மீட்டரில் நிற்பவருக்கு அது வெறும் புள்ளி.

உதிரும் இலைகளுக்கும் மூன்று லேயர் கணக்கு பொருந்தும். ஆனால், இலை ஒளி புகாதது. எனவே Screen உதவாது, Normal முறைதான். போட்டோஷாப்போடு வரும் Scattered Maple Leaves பிரஷ் பழைய பிரஷ்களின் தொகுப்பில் இருக்கிறது. அதை அப்படியே இழுத்தால் எல்லா இலையும் முகம் காட்டியபடி நிற்கும். விழும் இலை புரண்டு புரண்டு வரும். சில நேரம் விளிம்பு மட்டுமே தெரியும். Angle Jitter அளவை முழுமையாக்கி, Roundness Jitter கூட்டினால் அந்தப் புரளல் ஓரளவு வரும். நிறத்துக்கு Color Dynamics: முன்நிறம் துரு, பின்நிறம் மஞ்சள் என்று வைத்துக்கொண்டால் இலைக்கு இலை சாயல் மாறும். பனியைப்போல் எல்லாவற்றையும் ஒரே திசையில் இழுக்காமல், நான்கைந்து இலையாகப் பிரித்து, வேறு வேறு கோணத்தில் லேசாகக் கலங்கவைப்பது நல்லது.

கும்பகோணத்துக் கல்யாண ஆல்பத்தில் மேப்பிள் இலை பறப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். கோயில் வாசலில் நிற்கும் அரச மரத்து இலையை வெள்ளைத்தாளில் வைத்துப் படமெடுத்து, Edit மெனுவில் Define Brush Preset கொடுத்தால் சொந்த பிரஷ் தயார். பிரஷ் கறுப்பு வெள்ளையை மட்டுமே நினைவில் வைக்கும் என்பதால், நிறத்தை மேலே சொன்ன வழியில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

ஆல்பத்துக்கும் அட்டைப்படத்துக்கும் வாழ்த்து அட்டைக்கும் இதெல்லாம் சரி. செய்திப் படத்தில் ஒரு துகளைச் சேர்த்தாலும் அது மோசடி. வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியின் விதிகளின்படி, படத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்த படம் தகுதி இழக்கும். அடுத்த வாரம் மழையைப் பார்ப்போம். அதற்குள் மூட்டமான வானத்தோடு ஒரு தெருப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.