அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்போம்?

கல்யாண மண்டபத்தின் அலுவலகச் சுவரில் பெரும்பாலும் ஒரு பலகை தொங்கும்: ‘எக்காரணம் கொண்டும் அட்வான்ஸ் தொகை திருப்பித் தரப்பட மாட்டாது.’ எழுதியவருக்கு அது கறாரான விதி. பதிவு செய்ய வந்தவர் அதைப் படிக்கவே மாட்டார். கல்யாண நாள் குறித்த சந்தோஷத்தில் பலகை எங்கே கண்ணில் படும்? பிறகு ரத்து செய்ய வேண்டிய நிலை வரும்போதுதான் அந்த வரி முதல்முறையாக அவர் காதில் விழும். சண்டை அங்கே ஆரம்பிக்கிறது.

அந்த வரி சட்டத்தின் முன்னும் அவ்வளவு பலமானதல்ல. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆவது பிரிவில், ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாலும், கிடைப்பது நியாயமான இழப்பீடுதான் என்கிறது. எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு, அவ்வளவே. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் விதிக்கும் ஒப்பந்தத்தை நியாயமற்றது என்கிறது. ஆகவே ‘முடியாது’ என்று முடித்துவிடுவதைவிட, எவ்வளவு பிடிப்போம், ஏன் என்று சொல்லும் மண்டபக்காரரின் நிலைதான் உறுதியானது.

மண்டபத்துக்கு நஷ்டம் உண்மையிலேயே உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. மீதி மாதங்களிலும் முகூர்த்த நாட்கள் சிலதான். ஒரு முகூர்த்தத்தை ஒருவருக்குக் கொடுத்துவிட்டால், அதே தேதி கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். கடைசி மாதத்தில் ரத்தானால் அந்த நாள் காலியாகவே போய்விடும். ஆனால் கரண்ட் பில், ஜெனரேட்டர் டீசல், துப்புரவுக் கூலி எல்லாம் விசேஷம் நடந்தால்தான் செலவு. ரத்தான பதிவில் அவற்றையும் கழிப்பவர் தன் விதியைத் தானே பலவீனப்படுத்துகிறார்.

ஓர் உதாரணம் பார்ப்போம். செப்டம்பர் 10 ஆவணி முகூர்த்தம், வாடகை 1,50,000 ரூபாய், அட்வான்ஸ் 60,000 என்று வைத்துக்கொள்வோம். விதியை ‘120 நாட்களுக்கு முன், 60 நாட்களுக்கு முன்’ என்று எழுதினால், முகூர்த்த நாளைச் சேர்த்து எண்ணுவதா, போனில் சொன்ன நாளா, நேரில் கடிதம் கொடுத்த நாளா என்று மூன்று கேள்விகள் எழும். சதவீதம் போட்டால் வாடகையிலா அட்வான்ஸிலா என்பது நாலாவது. எனவே பதிவு செய்யும்போதே, ரசீதின் பின்பக்கத்தில், அந்தக் கல்யாணத்துக்கே உரிய தேதிகளையும் ரூபாயையும் எழுதிவிடுவது நல்லது:

‘மே 12 வரை ரத்து செய்தால் 5,000 ரூபாய் பிடித்தம். மே 13 முதல் ஜூலை 11 வரை 20,000 ரூபாய். ஜூலை 12 முதல் 40,000 ரூபாய். இவை ஜிஎஸ்டி உட்பட்ட தொகைகள். வாட்ஸ்அப்பிலோ கடிதத்திலோ எங்களுக்குத் தகவல் வந்த நாளே ரத்து நாள்.’

இதைப் பதிவு நாளன்றே வாட்ஸ்அப்பிலும் அனுப்பி, ‘பார்த்தேன்’ என்று ஒரு பதில் வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஜிஎஸ்டி பற்றிய வரியைச் சும்மா சேர்க்கவில்லை. மண்டப வாடகைக்கு 18 சதவீத வரி. ரத்துக் கட்டணத்துக்கும் மூல சேவைக்குரிய வரியே பொருந்தும் என்று 2022இல் சுற்றறிக்கை வந்திருக்கிறது. அதை முதலிலேயே சொல்லாவிட்டால், கடைசியில் ‘இதற்கு மேல் வரி’ என்று சொல்ல நேரும்.

இப்போது ஜூலை 28 அன்று பெண்ணின் அப்பாவிடமிருந்து ரத்துச் செய்தி வருகிறது. பல மேனேஜர்கள் அனுப்பும் பதில் இப்படி இருக்கும்: ‘திருமணம் நின்றது அறிந்து மிகவும் வருந்துகிறோம். முன்பே தெரிவித்தபடி அட்வான்ஸ் தர இயலாது. முதலாளி உத்தரவு. தயவுசெய்து புரிந்துகொள்ளவும்.’

இதில் ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு வம்பை இழுக்கிறது. கல்யாணம் நின்றதா, தேதி தள்ளிப்போனதா, வேறு பெரிய மண்டபம் பார்த்துவிட்டார்களா என்பது நமக்குத் தெரியாது. நின்றிருந்தால், அதை எழுத்தில் போட்ட செய்தி சொந்தக்காரர் போன்களில் சுற்றும். காரணத்தைத் தொடாமல் இருப்பதே இங்கே பெரிய மரியாதை. ‘முன்பே தெரிவித்தபடி’ என்பது அதட்டல் போலக் கேட்கும். ‘முதலாளி உத்தரவு’ என்றால், சரி, முதலாளியிடமே பேசிக்கொள்கிறேன் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘வணக்கம் ஐயா. செப்டம்பர் 10 பதிவை ரத்து செய்யச் சொல்லி இன்று, ஜூலை 28, நீங்கள் அனுப்பிய தகவல் கிடைத்தது. இன்றைய தேதியிலேயே ரத்து செய்துவிட்டோம். நீங்கள் கட்டிய அட்வான்ஸ் 60,000 ரூபாய். ரசீதின் பின்பக்கத்தில் உள்ளபடி, ஜூலை 12 முதல் வரும் ரத்துக்கு 40,000 ரூபாய் பிடித்துக்கொள்கிறோம். மீதி 20,000 ரூபாயை, நீங்கள் பணம் அனுப்பிய அதே வங்கிக் கணக்குக்கு ஆகஸ்ட் 7க்குள் அனுப்பிவிடுகிறோம். அதே தேதிக்கு வேறொருவர் முழு வாடகைக்கு மண்டபம் எடுத்தால், 5,000 ரூபாய் மட்டும் வைத்துக்கொண்டு இன்னும் 35,000 ரூபாய் தருவோம். எடுத்தார்களா என்பதை செப்டம்பர் 11 அன்று நாங்களே போன் செய்து சொல்கிறோம். கணக்கில் சந்தேகம் இருந்தால் காலை 10 முதல் மாலை 6 வரை கூப்பிடுங்கள்.’

முதல் இரண்டு வாக்கியங்களிலேயே வேலை முடிந்ததாகத் தெரிவதால் அவருக்கு அலைச்சல் மிச்சம். பிடிக்கும் தொகைக்குப் பக்கத்திலேயே திரும்பி வரும் தொகையும், எந்த நாளில் வரும் என்பதும் இருக்கிறது. ‘பிடித்தம் செய்யப்படும்’ என்று யாரோ செய்வதுபோல எழுதாமல், ‘பிடித்துக்கொள்கிறோம்’ என்று பொறுப்பேற்றுச் சொல்வதில் ஒரு நேர்மை இருக்கிறது. விதிக்காக மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேரத்துக்கு நாமே கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

‘முழு வாடகைக்கு’ என்ற சொற்களை மட்டும் விட்டுவிடக் கூடாது. அதே நாளில் ஒரு சங்கத்தின் கூட்டத்துக்காகப் பாதி வாடகையில் மண்டபத்தைக் கொடுத்திருப்பீர்கள். மண்டபத்தில் விளக்கு எரிவதை யாராவது பார்த்துச் சொல்ல, பெண்ணின் அப்பா 35,000 எங்கே என்று வந்து நிற்பார். குறைந்த வாடகைக்குப் போனால் எவ்வளவு தருவீர்கள் என்பதையும் ரசீதிலேயே எழுதிவிடலாம்.

சாவு விழுந்த வீட்டுக்கு என்ன செய்வது? மனிதாபிமான அடிப்படையில் பரிசீலிப்போம் என்று எழுதினால், துக்கத்தில் இருப்பவர் கெஞ்ச வேண்டும், மேனேஜர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதைவிட, மணமக்களின் பெற்றோர், தாத்தா, பாட்டி, உடன்பிறந்தவர் யாரேனும் இறந்துபோனால், ஒரு வருடத்துக்குள் வேறு காலி நாளுக்குக் கட்டணமின்றி மாற்றித் தருவோம் என்று ரசீதிலேயே அச்சடித்துவிடலாம். யார் யார் என்பதைச் சொல்லிவிட்டால், ஒன்றுவிட்ட பெரியப்பா கணக்கில் வருவாரா என்ற சங்கடமான பேச்சு வராது. 2020 ஊரடங்குக்குப் பிறகு, அரசு உத்தரவால் மண்டபம் மூடப்பட்டால் என்ன என்ற வரியும் இல்லாத ரசீதை முழுமையானது என்று சொல்ல முடியாது. அந்தச் சூழலில் இரு தரப்புமே தவறு செய்யவில்லை. முழு அட்வான்ஸையும் திருப்புவதா, தேதி மாற்றுவதா என்பதை வாடிக்கையாளர் விருப்பத்துக்கு விடுவதே முறை.

இத்தனையும் எழுதிவிட்டு ஒரு வரியை மட்டும் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்: மண்டபமே ரத்து செய்தால் என்ன? கூரை ஒழுகி, மராமத்துக்காக மூட வேண்டி வரலாம். ஒரே தேதியை இருவருக்குக் கொடுத்துவிட்டிருக்கலாம். வாடிக்கையாளருக்கு 40,000 பிடித்தம் என்று எழுதிய அதே ரசீதில், எங்களால் ரத்தானால் முழு அட்வான்ஸும், கூடவே 40,000 ரூபாயும் தருவோம் என்று எழுதத் துணிந்த மண்டபத்தில், பிடித்தத்தைப் பற்றி வாதாட வருகிறவருக்குப் பேச அதிகம் இருக்காது.