கறுப்பு அங்கியின்கீழ் எந்த நிறம்?

பட்டமளிப்பு விழாவுக்கு ஆடை எடுக்கும்போது, கடைக்காரர் சேலை முழுவதையும் விரித்துக் காட்டுகிறார்; வாங்குவோரும் முந்தானையைப் பார்த்தே மனம் முடிவு செய்கின்றனர். ஆனால் விழா நாளன்று அம்முந்தானை அங்கிக்குள் மறைந்துவிடுகிறது. உண்மையில் வெளியே தெரிபவை மூன்று இடங்களே: கழுத்தோரம், அங்கி திறந்திருந்தால் நடுவில் தெரியும் கொசுவம், அங்கியின் ஓரத்துக்குக் கீழே பாதம்வரையுள்ள பகுதி. இம்மூன்று இடங்களில் எந்த நிறம் அமைகிறது என்பதைப் பொறுத்தே புகைப்படத்தில் ஆடை விளங்குவதும் மங்குவதும் உள்ளன.

2019-ஆம் ஆண்டில் பல்கலைக் கழக மானியக் குழு, விழா அங்கிகளைக் கைத்தறித் துணியில் அமைத்துக் கொள்வது பற்றி ஆலோசிக்குமாறு பல்கலைக் கழகங்களைக் கேட்டுக் கொண்டது. எனினும், பல இடங்களில் கறுப்பு அங்கியே இன்றும் வழக்கத்தில் உள்ளது. ஆகவே அதனை வைத்தே நாம் இங்கு ஆராய்வோம்.

கறுப்புத் துணி தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கையே திருப்பி அனுப்பும். நன்கு வெளுத்த வெள்ளைத் துணியோ 80 பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். மனிதர் கண் இரண்டையும் ஒருங்கே பார்த்துச் சமாளித்துக் கொள்ளும். காமிராவுக்கு அவ்வளவு ஆற்றல் இல்லை. அது தன்முன் உள்ள காட்சியின் சராசரி ஒளியை அளந்து, அதனை நடுத்தர வெளிச்சமாக்க முயலும். நாற்பது பேர் கறுப்பு அங்கியுடன் நிற்கையில் காட்சி முழுவதும் இருண்டிருப்பதாகக் கருதி, அது ஒளியைக் கூட்டிவிடுகிறது. அப்போது அங்கி சாம்பல் பூத்தாற்போல் தோன்றும், முகங்கள் வெளிறும், வெள்ளைச் சேலையும் அதிலுள்ள மெல்லிய சரிகைக் கோடும் ஒரே வெண்பரப்பாகிவிடும். முகத்தைக் கண்டறிந்து ஒளியைத் திருத்திக்கொள்ளும் கைபேசிகள் இப்போது உண்டு. ஆயினும் பெருங்குழுவில் முகங்கள் சிறியனவாக இருப்பதால், அத்திருத்தம் எப்போதும் சரியாக அமைவதில்லை.

இனி எதிர்ப்புறத்தைக் காண்போம். நீலக் கறுப்பு, கருஞ்சிவப்பு, அடர்ந்த அரக்கு ஆகியவை பகலொளியில் அழகானவை. ஆனால் அங்கியின் அருகே அவை அங்கியோடு ஒன்றிவிடுகின்றன. அங்கி எங்கு முடிகிறது, சேலை எங்குத் தொடங்குகிறது என்பது படத்தில் தெரிவதில்லை. எனவே மிக வெளிரியதும் கூடாது, மிக இருண்டதும் கூடாது. இடைப்பட்ட வெளிச்சமுள்ள நிறமே ஏற்றது. மாந்தளிர், வாடாமல்லி, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் போன்றவை இவ்வகையில் சேரும். வெள்ளையே வேண்டுவோர் வெளுக்காத நூலின் இயல்பான நிறத்தையோ சந்தன நிறத்தையோ கொள்ளலாம். ஆண்களின் சட்டைக் கழுத்துக்கும் இதுவே விதி: பளீரென்ற வெள்ளையைவிட மெல்லிய நீலமோ சந்தனமோ படத்தில் நன்கு நிற்கும்.

ஓர் உதாரணத்தால் இதை விளக்குவோம். நாம் தணிக்கைக்குச் செல்லும் சங்கமொன்றின் அங்கத்தினர், தமது குடும்பத்தின் முதற் பட்டதாரியான மகளுக்குத் தம் கையாலேயே ஒரு பருத்திச் சேலை நெய்ய விரும்பினார். விழாப் படத்தைக் கூடத்தில் மாட்டும்போது, தம் நெசவும் அதில் தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை. வெள்ளை உடலும் ஓரங்குலச் சரிகைக் கரையுமாக அமைக்க எண்ணியிருந்தார். பாவு போடுமுன் நாம் அவர் வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தோம்.

வீட்டிலிருந்த மூன்று சேலைகளைத் திண்ணை நிழலில் கொடியில் தொங்கவிட்டோம். ஒன்று வெள்ளை, ஒன்று நீலக் கறுப்பு, ஒன்று மாந்தளிர் உடலும் மூன்றங்குலச் சந்தனக் கரையும் உடையது. விரித்த கறுப்புக் குடை ஒன்றை ஒவ்வொன்றின்மேலும் சாய்த்து, கீழே ஒரு முழம் மட்டும் தெரியுமாறு வைத்தோம். மகளின் கைபேசியால் இருபதடி தூரத்திலிருந்து படம் எடுத்து, அதன் நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக மாற்றினோம். நிறம் நீங்கினால் வெளிச்ச வேற்றுமை ஒன்றே மிஞ்சும். நீலக் கறுப்புச் சேலை குடையோடு கலந்துவிட்டது. வெள்ளைச் சேலையில் சரிகைக் கரை மறைந்துவிட்டது. மாந்தளிர்ச் சேலையில் குடை, உடல், கரை ஆகிய மூன்றும் தனித்தனிப் பட்டைகளாகத் தெரிந்தன. அவர் அன்றே மாந்தளிர் நூலுக்குச் சங்கத்தில் எழுதிக் கொடுத்தார். சரிகைக்கு ஒதுக்கிய பணத்தில் கரையை மூன்றங்குலமாக்கினார்.

இங்குக் கரையின் அகலத்தைக் கருதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. குழுப் படத்தில் நாற்காலியில் அமரும் முதல் வரிசையினருக்கு மட்டுமே முழங்காலுக்குக் கீழுள்ள சேலை தெரியும். பின்வரிசைகளில் நிற்போருக்குக் கழுத்தோரம் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகவே மகளுக்கு முதல் வரிசை கிட்டினால் கரை பேசும். கிட்டாவிடில் இரவிக்கையின் நிறமும் தோளில் ஏறும் மடிப்புமே பேசும். அதனால் கரையின் சந்தன நிறத்திலேயே இரவிக்கையையும் தைக்கச் சொன்னோம். எந்த வரிசையில் நின்றாலும் முகத்துக்கும் அங்கிக்கும் இடையில் ஒரு தெளிவான கோடு கிடைத்துவிடும்.

தறியில் விலக்க வேண்டியது ஒன்றுண்டு. மிக நெருக்கமான சிறுகட்டங்களும் மயிரிழைக் கோடுகளும் காமிராவில் நீர் அலைபோல் நெளிந்து தோன்றும். துணியின் கோடுகள் காமிராவின் ஒளிப்புள்ளிகளின் வரிசையோடு மோதுவதால் இது நேருகிறது. கட்டம் வேண்டுமாயின் அரையங்குலத்துக்குக் குறையாமல் அமைப்பது நலம்.

சாயத்தையும் மறத்தலாகாது. அங்கி பெரும்பாலும் வாடகைக்கு வருவது. வெயிலில் வியர்வை பட்டால் அதன் கறுப்புச் சாயம் வெளிர் நிறச் சேலையில் ஒட்டக்கூடும். அங்கி கைக்கு வந்ததும் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணித்துண்டால் அதன் உட்புறக் கழுத்தோரத்தைப் பத்து முறை தேய்த்துப் பார்க்க வேண்டும். துண்டில் கறை ஏறினால் வேறு அங்கி கேட்பதே நன்று. கிடைக்காவிடில் கழுத்தோரத்தில் உட்புறமாக ஒரு மெல்லிய பருத்திப் பட்டையை நூலோட்டித் தைத்துக்கொண்டு, பின்னர்ப் பிரித்துவிடலாம்.

இறுதியாகப் படம் எடுப்பவரிடம் சொல்ல வேண்டியது: குழுவை உச்சி வெயிலிலும் மரத்தடிப் புள்ளி நிழலிலும் நிறுத்தாமல், கட்டிடத்தின் முழு நிழலில் நிறுத்துமாறு கேட்க வேண்டும். கைபேசியாயின் திரையில் ஒரு முகத்தைத் தொட்டு, ஒளியைச் சற்றுக் குறைத்து ஒரு படமும், குறைக்காமல் ஒரு படமும் எடுத்தல் வேண்டும். எடுத்தவுடனே படத்தைப் பெரிதாக்கி வெளிர் நிற ஆடையொன்றைப் பார்க்க வேண்டும். அதன் மடிப்புகள் தெரியுமாயின் படம் தேறியது. தெரியாவிடில், குழு கலையுமுன் ஒளியை இன்னும் குறைத்து மறுபடி எடுத்துவிட வேண்டும். வெளிறிப்போன கரையைப் பின்னர் எவராலும் மீட்டுத் தர இயலாது.