மேல்மாடிக்கு எத்தனை குதிரைசக்தி?

மொட்டை மாடி டேங்குக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில்தான் ஷவர் நூலாக ஒழுகும். தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறதோ அவ்வளவுதான் அதன் அழுத்தம். பத்து மீட்டர் இறங்கினால் சுமார் ஒரு பார். தரைத்தளத்துக்கு அந்த உயரம் கிடைக்கிறது. மேல்தளத்து ஷவருக்கோ இரண்டு மீட்டர் கிடைத்தாலே அதிகம்.

உடனே பம்ப் வாங்கக் கிளம்பக் கூடாது. பதினைந்து லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்து, நிரம்பும் நேரத்தைப் பார்க்க வேண்டும். மற்ற குழாய்களில் நன்றாக வந்து ஒன்றில் மட்டும் மெலிந்தால், அடைத்த வலையோ பாதி மூடிய கேட் வால்வோ காரணமாக இருக்கலாம். அதைப் பிளம்பர் சரிசெய்தால் போதும்.

எல்லாக் குழாயிலும் மெலிவுதான் என்றால் கணக்குப் போடலாம். சென்னையில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மேல்தள வீட்டை எடுத்துக்கொள்வோம். ஷவருக்கு நிமிடத்துக்குப் பத்து லிட்டர், அதே நேரம் சமையலறைக் குழாய்க்கு ஆறு. கொஞ்சம் கூட்டி இருபது லிட்டர். ஷவர் முகப்பில் பத்து மீட்டர் அழுத்தம் வேண்டும். குழாய் உரசலில் போவது நான்கு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டேங்கே தருவது இரண்டு. ஆக, பம்ப் தர வேண்டியது பன்னிரண்டு மீட்டர்.

தகட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘அதிகபட்சம் 15 மீட்டர், அதிகபட்சம் 35 லிட்டர்’ என்றிருந்தால் இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. தண்ணீரே ஓடாதபோதுதான் அந்த 15 மீட்டர். உயரமே இல்லாதபோதுதான் அந்த 35 லிட்டர். பெட்டிக்குள் இருக்கும் வளைகோட்டில், 20 லிட்டருக்கு நேரே எத்தனை மீட்டர் என்று பார்க்க வேண்டும். 12 முதல் 15 வரை இருந்தால் சரி. இந்த வேலைக்குக் கால் குதிரைசக்தியே பெரும்பாலும் போதும்.

‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒரு குதிரைசக்தியை மாட்டினால், டேங்கிலிருந்து வரும் ஒல்லிக் குழாய் அதற்கு ஈடுகொடுக்காது. பம்ப் காற்றை இழுத்து, ஜல்லியை அரைப்பதுபோல் சத்தமிடும். பொதுக் குழாயில் இணைத்திருந்தால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்; தன் வீட்டுக்குப் பிரியும் கிளையில்தான் அதை வைக்க வேண்டும். கீசர் தாங்கும் அழுத்தத்தையும் அதன் தகட்டில் பார்த்துவிடுவது நல்லது.

தானே ஓடும் வகைகளிலும் வித்தியாசம் உண்டு. நீரோட்டத்தை உணர்ந்து இயங்கும் பம்புக்கு, முதலில் கொஞ்சமாவது தண்ணீர் தானாக ஓட வேண்டும். ஷவரில் வெறும் சொட்டுதான் என்றால் அது விழிக்காது. அங்கே அழுத்தம் குறைந்ததும் ஓடும் வகைதான் தேவை. ஆனால் கழிப்பறைத் தொட்டி கசிந்தால், யாரும் குழாயைத் தொடாத நடுராத்திரியிலும் அந்த மோட்டார் இடைவிட்டு இடைவிட்டு ஓடும்.