வளையும் பாதையும் பெருந்தொகையும்

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பலகை இல்லாமல் மரத்தைப் பற்றிப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. ஆகவே படத்தை நீங்களேதான் வரைய வேண்டும்.

தாளின் மேற்புறத்தில் ஒரு வட்டமிட்டு, அதனுள் 2 என்று எழுதுங்கள். அதன் கீழே இடப்புறம் ஒரு வட்டம், அதில் 10. வலப்புறம் மற்றொன்று, அதில் −8. இனி 10-இன் கீழே 7, 5 என இரண்டு வட்டங்களும், −8-இன் கீழே 3, 6 என இரண்டு வட்டங்களும் வரைந்து, மேலதையும் கீழதையும் கோடுகளால் இணையுங்கள். கணிப்பொறி நூலார் இதனை மரம் என்பர். தோட்டத்து மரத்துக்கு வேர் கீழே. இவர்கள் மரத்துக்கு வேர் உச்சியில். இதற்குக் காரணம் தாளில் மேலிருந்து கீழாக எழுதும் வழக்கமேயன்றி வேறில்லை என்பது என் எண்ணம். வட்டங்களுக்குக் கணுக்கள் என்று பெயர். ஒரு கணுவுக்கு இரண்டு பிள்ளைகளுக்கு மேல் இல்லாமையால் இஃது இருகிளை மரம்.

இனி வினாவைக் கேளுங்கள். ஏதேனும் ஒரு கணுவில் பென்சிலை ஊன்றி, கோடுகளின் வழியே சென்று, வேறொரு கணுவில் நிறுத்த வேண்டும். பென்சிலைத் தாளைவிட்டு எடுத்தலாகாது. சென்ற கணுவுக்கு மீண்டும் வருதலும் ஆகாது. அவ்வாறு சென்ற வழியே பாதை. ஒரே கணுவில் நின்றுவிட்டாலும் அது பாதைதான். வேரின் வழியாகச் செல்ல வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. பாதையிலுள்ள எண்களைக் கூட்டினால் வரும் தொகைகளுள் மிகப் பெரியது எது?

பாதைகளை ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டலாம். ஏழு கணுக்கள் உள்ள மரத்துக்கு அது போதும். பெரிய மரத்துக்கு ஒவ்வாது. அதனால் பாதையின் வடிவத்தைச் சற்றே நோக்குவோம். எந்தப் பாதையை எடுத்துக்கொண்டாலும், அதில் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள கணு ஒன்றே ஒன்றுதான் இருக்கும். பாதை அதுவரை ஏறி வருகிறது, அங்கே வளைகிறது, பிறகு இறங்குகிறது. ஏறுதலோ இறங்குதலோ சில பாதைகளில் இல்லாமற் போகலாம். ஆனால் ஒருமுறை இறங்கத் தொடங்கிய பாதை மீண்டும் ஏற இயலாது; ஏறினால் வந்த கோட்டிலேயே திரும்ப நேரும். ஆகவே ஒவ்வொரு கணுவிடமும் சென்று, ‘உன்னிடத்தில் வளையும் பாதைகளுள் பெரியது எது?’ என்று கேட்டு, விடைகளுள் பெரியதை எடுத்துக்கொண்டால் எந்தப் பாதையும் விடுபடாது.

ஒரு கணு இதற்கு எவ்வாறு விடை கூறும்? இடப்புறம் நேராக இறங்கும் பாதைகளுள் சிறந்ததன் தொகையும், வலப்புறம் அவ்வாறே இறங்குவதன் தொகையும் தெரிந்தால், அவற்றோடு தன் எண்ணையும் கூட்டிச் சொல்லிவிடும். நேராக இறங்கும் இந்தப் பாதையைக் கை என்று அழைப்போம். கணு தன் இரு பிள்ளைகளிடமும் கை எவ்வளவு என்று வினவுகிறது. அவை தம் பிள்ளைகளிடம் வினவுகின்றன. இப்படி ஒரு செயல் தன்னையே அழைத்துக்கொள்வதைத் தன்னழைப்பு என்போம்.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. 10 என்னும் கணுவுக்கு வருவோம். இலைகளாகிய 7-உம் 5-உம் தங்கள் கைகளாக 7, 5 என்றே சொல்லும். 10 அவற்றைக் கூட்டி, ‘என்னிடத்தில் வளையும் பாதையின் தொகை 22’ என்று அறிகிறது. ஆயினும் தன் தாயாகிய 2-இடம் அது 22 என்று சொல்லலாகாது. 17 என்றே சொல்ல வேண்டும். 22 என்று சொன்னால், 2 தன் எண்ணையும் சேர்த்து 24 என்னும். அந்த 24-ஐப் பென்சிலால் வரைந்து பாருங்கள். 7-இலிருந்து 10-க்கு ஏறி, 5-க்கு இறங்கிய பிறகு 2-க்குப் போக வேண்டுமானால் 10-க்கு மறுமுறை வந்தாக வேண்டும். அது பாதையன்று, முக்கவர்! தாய்க் கணுவுக்கு ஏறிச் செல்லும் பாதை இரு பிள்ளைகளுள் ஒன்றின் வழியாகவே வர இயலும். ஆகவே ஒவ்வொரு கணுவிலும் இரண்டு எண்கள் பிறக்கின்றன: வளைந்த பாதையின் தொகை பொதுக் குறிப்பேட்டில் பதியப்படுகிறது, ஒற்றைக் கையின் தொகை தாய்க்குத் தெரிவிக்கப்படுகிறது. முதல் எண் பெரிதாயிருக்கிறதே என்று அதனையே மேலே அனுப்புவதுதான் மாணவர் பெரும்பாலும் இடறி விழும் இடம். விடை ஐயமாயிருந்தால், அந்தத் தொகை தரும் பாதையைப் பென்சில் எடுக்காமல் வரைய முடிகிறதா என்று பாருங்கள். பிழை உடனே தெரிந்துவிடும்.

வலப்புறத்தை முடிப்போம். −8 என்னும் கணுவில் வளையும் பாதை 3 − 8 + 6, அதாவது 1. அது மேலே அனுப்பும் கை, பெரிய பிள்ளையாகிய 6-ஐச் சேர்த்து −2. வேரிலுள்ள 2 இதனை ஏற்க வேண்டுமா? வேண்டாம். நட்டம் தரும் கையைப் பற்றிக்கொள்ளும்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே எதிர்மறைக் கையை வெறும் 0 என்று கொள்கிறோம். வேரில் வளையும் தொகை 17 + 2 + 0, அதாவது 19. குறிப்பேட்டில் ஏற்கெனவே 22 இருப்பதால் அதுவே விடை. அப்பாதை வேரைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அச்சிலே படிப்பவர்க்காகப் பைத்தான் மொழியில் நிரலைத் தருகிறேன். மரம் வெற்றாக இல்லை என்று கொள்க. நிரலில் `best` என்பதுதான் பொதுக் குறிப்பேடு; `kai` என்பது கை.

```python
def max_path(root):
    best = root.val
    def kai(node):
        nonlocal best
        if node is None:
            return 0
        l = max(0, kai(node.left))
        r = max(0, kai(node.right))
        best = max(best, node.val + l + r)
        return node.val + max(l, r)
    kai(root)
    return best
```

`best` 0-இல் தொடங்காமல் வேரின் எண்ணில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. வேர் −3, அதன் ஒரே பிள்ளை −5 என்று ஒரு மரம் இருக்கட்டும். விடை −3. பாதையில் ஒரு கணுவேனும் இருந்தாக வேண்டுமன்றோ? 0-இல் தொடங்கியிருந்தால், மரத்திலேயே இல்லாத ஒரு தொகையை விடையாகப் பெற்றிருப்போம். கையை 0 ஆக்கலாம். குறிப்பேட்டை 0 ஆக்கலாகாது.

இவ்வழியில் ஒவ்வொரு கணுவும் ஒரே ஒரு முறை கணக்கிடப்படுகிறது. அவ்வாறன்றி, ஒவ்வொரு கணுவிலும் நின்று கைகளைப் புதிதாக அளந்தால் என்ன ஆகும்? 1000 கணுக்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும் ஒற்றை வரிசை மரத்தில், உச்சிக் கணுவுக்காக 1000, அடுத்ததற்காக 999 என்று தொடர்ந்து, மொத்தம் 5,00,500 முறை கணுக்களைத் தொட நேரும். தன்னழைப்பு ஒன்றே ஆனால் 1000 முறை போதும்.

ஆனால் அதே ஒற்றை வரிசை மரந்தான் இந்நிரலுக்கு வேறொரு தொல்லையும் தருகிறது. ஒவ்வோர் அழைப்பும் தன் கீழுள்ள அழைப்பின் விடைக்காகக் காத்து நிற்பதால், காத்திருப்போர் வரிசை மரத்தின் ஆழத்தளவு நீளும். பைத்தான் இவ்வரிசைக்கு இயல்பாக 1000 என்று எல்லை வகுத்திருக்கிறது. அதைத் தாண்டினால் `RecursionError` என்று சொல்லி நின்றுவிடும். கணுக்கள் பல்லாயிரம் இருந்தாலும் இருபுறமும் பரந்து கிளைத்த மரத்தில் ஆழம் குறைவாதலால் இவ்வச்சம் இல்லை. ஆழம் மிகுந்த மரமானால், காத்திருக்கும் கணுக்களை நாமே ஓர் அடுக்கில் வைத்து, பிள்ளைகள் இரண்டும் முடிந்த பின்னர் தாயை எடுத்துக் கணக்கிடும்படி நிரலை மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும்.